விலை கொடுக்க வைக்கும் விழுமியங்கள்: ஒரு பிராண்டின் முதல் மூன்றைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

அமெரிக்காவின் எரிசக்தி நிறுவனமான என்ரான், மரியாதை, நேர்மை, தகவல் பரிமாற்றம், உயர்தரம் என்று நான்கு விழுமியங்களை அறிவித்து வைத்திருந்தது. கடன்களையும் நட்டங்களையும் கணக்கில் தெரியாதபடி மறைத்து வந்தது வெளியாகி, 2001 டிசம்பரில் அந்த நிறுவனம் திவாலானது. என்ரானின் கதையைப் பொதுவாகச் சொல் ஒன்று, செயல் வேறு என்பதற்கு உதாரணமாகக் காட்டுவார்கள். அதைவிட அடிப்படையான ஒரு குறை அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. அந்த நான்கையும் எந்த ஊரின் எந்த நிறுவனமும் அப்படியே எடுத்து வைத்துக்கொள்ளலாம். எந்தச் சந்தர்ப்பத்தில் எதைச் செய்யக் கூடாது என்று அவை யாருக்கும் சொல்வதில்லை.

பிராண்டின் விழுமியம் என்பது, லாபம் ஒரு பக்கம் இழுக்கும்போது நிறுவனம் மறுபக்கம் போகும் என்பதற்கான முன்கூட்டிய முடிவு. இரண்டும் ஒரே பக்கம் இழுக்கும் நாட்களில் விழுமியம் தேவைப்படுவதே இல்லை. லாபக் கணக்கே சரியான முடிவைச் சொல்லிவிடும். ஆகவே ஒரு சொல்லை விழுமியமாக ஏற்குமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது எப்போதாவது நமக்குப் பணம் செலவாகும் முடிவை எடுக்க வைக்குமா? வைக்கும் என்றால் எந்த நாளில், எவ்வளவு?

இதற்கு நன்றாகப் பொருந்தும் உண்மை நிகழ்வு ஒன்று உண்டு. பிற்காலத்தில் பாடகோனியா ஆடை நிறுவனத்தைத் தொடங்கிய இவோன் சுவினார், அதற்கு முன்பு மலையேறுபவர்களுக்கான கருவிகளைச் செய்து விற்றுவந்தார். பாறை இடுக்குகளில் சுத்தியலால் அடித்து இறக்கும் எஃகு முளைகளே அந்தத் தொழிலின் பெரும்பகுதி வருமானம். ஒவ்வொரு ஏற்றத்திலும் முளையை அடிப்பதும் பிடுங்குவதுமாக இருந்ததால், புகழ்பெற்ற ஏறுவழிகளில் பாறையே சிதைந்து வந்தது. சுவினாரும் அவருடைய கூட்டாளி டாம் ஃப்ராஸ்ட்டும் அந்தத் தொழிலைக் குறைத்துக்கொள்ள முடிவு செய்தார்கள். 1972ஆம் ஆண்டு விலைப்பட்டியலில், முளைகளுக்குப் பதிலாகக் கையாலேயே செருகி எடுக்கக்கூடிய அலுமினியக் கட்டைகளை முன்வைத்து, பாறைக்குக் காயமின்றி ஏறுவது எப்படி என்ற நீண்ட கட்டுரையையும் சேர்த்து வெளியிட்டார்கள். புதிய கட்டைகள் நன்றாக விற்றன என்பது பிறகு நடந்தது. முடிவெடுத்தபோது அவர்களிடம் உறுதியாக இருந்தது, நன்றாக விற்றுக்கொண்டிருந்த பழைய சரக்கு மட்டுமே. இயற்கையைக் காப்போம் என்ற பொதுச்சொல்லை விட்டு, பாறையைச் சிதைக்கும் சரக்கு எங்கள் பிழைப்பாகவே இருந்தாலும் அதை வளர்க்கமாட்டோம் என்று நிற்கும்போதுதான் அது விழுமியமாகிறது.

புதிதாகத் தொடங்குபவர் இதை எப்படிச் செய்வது என்பதை ஒரு கற்பனைத் தொழிலை வைத்துப் பார்ப்போம். காங்கேயம் பக்கத்தில் ஒருவர் மரச்செக்கில் கடலை எண்ணெய் ஆட்டி, சொந்தப் பெயரில் பாட்டிலில் அடைத்து விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விழுமியங்கள் என்ன என்று கேட்டால் அவருடைய முதல் பட்டியல் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: தூய்மை, தரம், நேர்மை, பாரம்பரியம், விவசாயி நலன், வாடிக்கையாளரே முதல்.

இந்த ஆறில் சில உடனே உதிர்ந்துவிடும். தூய்மை என்று அவர் நினைப்பது பாமாயில் கலக்காமல் இருப்பதை என்றால், கலந்ததை லேபிளில் சொல்லாமல் விற்பது ஏற்கெனவே சட்டப்படி குற்றம். சட்டத்துக்குக் கீழ்ப்படிவதைத் தன் தனித்தன்மையாகச் சொல்லிக்கொள்ள முடியாது. தரம் என்பதற்கு எதிர்ப்பக்கமே கிடையாது. மட்டமான சரக்கே எங்கள் கொள்கை என்று எந்தப் போட்டியாளரும் சொல்லப்போவதில்லை. பாரம்பரியம் சற்று வேறுமாதிரி. மரச்செக்கு என்பதற்காகவே வாடிக்கையாளர் கூடுதல் விலை கொடுக்கிறார் என்பதால், அது பணத்தைக் கேட்பதற்குப் பதிலாகப் பணத்தைக் கொண்டுவருகிறது. அது அவர் விற்கும் பொருளின் அம்சம். பாட்டிலின் முகப்பில் அதற்கு இடமுண்டு, விழுமியப் பட்டியலில் இல்லை.

வாடிக்கையாளரே முதல் என்பதில் உள்ள சிக்கல் எளிதில் கண்ணில் படாது. இதனால் செலவு வருவது உண்மைதான், ஆனால் அந்தச் செலவை யார் ஏற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். வாடிக்கையாளர் இரவு ஒன்பது மணிக்குக் கேட்டாலும் வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்போம் என்றால், அந்த விலையைக் கொடுப்பவர் பெரும்பாலும் வண்டி ஓட்டும் பையன்தான். முடிவெடுப்பவரின் கையைக் கடிக்காமல் இன்னொருவரின் நேரத்தையோ கூலியையோ தின்னும் விழுமியத்தை நான் தேறியதாக ஒப்புக்கொள்ளமாட்டேன்.

மிஞ்சிய சொற்களை அப்படியே வைத்துச் சோதிக்க முடியாது. ஒவ்வொன்றையும் ஒரு வாக்கியமாக விரிக்க வேண்டும்: இன்ன சந்தர்ப்பம் வந்தாலும் இன்னதைச் செய்யமாட்டோம், அதனால் இவ்வளவை இழப்போம். சந்தர்ப்பம், தவிர்க்கும் செயல், இழக்கும் தொகை ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்று எழுத வராமல் நின்றுவிட்டால், அந்தச் சொல் இன்னும் விழுமியமாகவில்லை என்று பொருள். சந்தர்ப்பத்தைக் கண்டுபிடிக்க, தொழிலின் உள்விவரம் தெரிந்திருக்க வேண்டும். இந்த வேலையை வெளியிலிருந்து வரும் விளம்பர ஆலோசகரிடம் முழுவதுமாக ஒப்படைக்க முடியாததற்கு அதுவே காரணம்.

செக்குக்காரருக்கு அந்த உள்விவரம் நிலக்கடலையின் பூஞ்சையில் இருக்கிறது. அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டாலோ, ஈரம் காயாமல் காயைக் குவித்து வைத்தாலோ, அஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை படர்ந்து அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்கும். தொடர்ந்து உடலில் சேர்ந்தால் ஈரலைப் பாதிக்கும் நஞ்சு அது. பெரிய ஆலைகளில் எண்ணெயைக் காரம் சேர்த்துச் சுத்திகரிக்கும்போது அது பெருமளவு நீங்கிவிடும். செக்கு எண்ணெய்க்கு அந்தக் கட்டமே கிடையாது. சுத்திகரிக்காதது என்று பெருமையாகச் சொல்லப்படும் அதே அம்சம்தான் இங்கே பலவீனமும். ஆகவே பருப்பை ஆட்டுவதற்கு முன்பே பரிசோதிக்க வேண்டும். இந்தப் பூஞ்சை சரக்கு முழுக்கச் சீராகப் பரவாமல் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் திட்டுத் திட்டாகவே இருக்கும் என்பதால், ஒரு மூட்டையில் மட்டும் கைப்பிடி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் முடிவு ஏமாற்றிவிடும். எல்லா மூட்டைகளிலிருந்தும் எடுத்துக் கலந்தே அனுப்ப வேண்டும்.

இன்னொரு விவரமும் உண்டு. இந்த நஞ்சு எண்ணெயில் அவ்வளவாகக் கரையாது; பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கிவிடும். அந்தப் புண்ணாக்கு மாட்டுத் தீவனமாகப் போகிறது. பசு தின்றால், நஞ்சின் ஒரு பகுதி வேறொரு வடிவில் பாலில் இறங்கும். எண்ணெய் வாங்குபவருக்கு இது தெரியவே வராது. எண்ணெய் வரம்புக்குள் தேறிவிட்டது, புண்ணாக்கு மட்டும் தேறவில்லை என்ற நிலை வரக்கூடும். நம் செக்குக்காரரின் தூய்மைக்குச் சோதனை அந்த நாளில்தான்.

தொகையைக் கணக்கிடுவோம்; எண்கள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. 5 டன் பருப்பைக் கிலோ 120 ரூபாய்க்கு வாங்கினால் முதல் 6 லட்சம். லிட்டருக்கு இரண்டரைக் கிலோ பருப்பு என்று வைத்தால் 2,000 லிட்டர் எண்ணெயும், ஏறத்தாழ 3 டன் புண்ணாக்கும் கிடைக்கும். எண்ணெய் லிட்டர் 360 ரூபாய் வீதம் 7 லட்சத்து 20 ஆயிரம். புண்ணாக்கு கிலோ 40 ரூபாய் வீதம் 1 லட்சத்து 20 ஆயிரம். கூலி, மின்சாரம், பாட்டில், வண்டிச் செலவெல்லாம் சேர்த்து 1 லட்சத்து 20 ஆயிரம் போனால், கையில் நிற்பதும் அதே 1 லட்சத்து 20 ஆயிரம். அதாவது, அந்தச் சரக்கின் மொத்த லாபமும் புண்ணாக்கில்தான் இருக்கிறது. புண்ணாக்கை அழித்துவிட்டால் வேலை செய்ததற்கு ஒன்றும் மிஞ்சாது.

இப்போது தூய்மை என்ற சொல்லை வாக்கியமாக எழுத முடிகிறது: ஆய்வில் தேறாத எதுவும், மனிதர் தின்பதானாலும் மாடு தின்பதானாலும், எங்கள் செக்கிலிருந்து வெளியே போகாது; ஒரு சரக்கு முழுவதன் லாபமும் அதில் போகலாம். இது சோதனையில் தேறிய விழுமியம். இதை எழுதியவர் புண்ணாக்கையும் ஆய்வுக்கு அனுப்பும் செலவை அன்றிலிருந்தே விலைக்கணக்கில் சேர்க்கத் தொடங்குவார். சோதனை செய்து பார்த்தபின் தொழிலின் நடைமுறையில் எதுவுமே மாறவில்லை என்றால், சோதனை மேலோட்டமாக நடந்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

விவசாயி நலன் என்பதை விரித்தால் வேறு வகையான செலவு வெளிப்படும். விதைக்கும்போதே காய் கிலோ 75 ரூபாய் என்று பேசி, 20 டன்னுக்கு உறுதி கொடுத்திருக்கிறார் என்று கொள்வோம். அறுவடையின்போது ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் விலை 65க்கு இறங்கிவிட்டால், வாக்கைக் காப்பாற்றுவதற்கு ஆகும் கூடுதல் தொகை 2 லட்சம். இங்கே சந்தர்ப்பம் அடிக்கடி வரக்கூடியது, தொகை தெளிவானது, அதைத் தருபவர் முதலாளியே. ஆனால் விலை 85க்கு ஏறி, விவசாயி வேறிடத்தில் விற்றுவிட்டால் என்ன செய்வது என்பதையும் அந்த வாக்கியத்தில் முடிவு செய்தாக வேண்டும். அடுத்த பட்டத்துக்கும் அவரோடு பேசுவாரா, மாட்டாரா? இதற்கு விடை எழுதாமல் விட்டால், முதல் ஏற்றத்திலேயே கோபத்தில் அந்த விழுமியம் கைவிடப்படும்.

நேர்மையின் செலவு மெதுவாகக் கசியும் வகையைச் சேர்ந்தது. கடலை எண்ணெயில் கொலஸ்ட்ரால் இல்லை என்பது உண்மை. எந்தத் தாவர எண்ணெயிலும் அது கிடையாது. பக்கத்து அலமாரிப் பாட்டில் இதயப் படத்தோடு அதைப் பெரிதாகச் சொல்லும்போது, இதில் மட்டுமே இல்லை என்ற எண்ணம் வாங்குபவருக்கு உண்டாகிறது. பொய்யான உறுதிமொழிகளைச் சட்டம் பார்த்துக்கொள்ளும். உண்மையாக இருந்துகொண்டே ஏமாற்றும் வாசகங்களில்தான் நேர்மைக்கு வேலை இருக்கிறது. ஆகவே அவர் எழுத வேண்டியது: உண்மையே ஆனாலும் தவறான எண்ணம் தரும் வாசகத்தைப் பாட்டிலிலோ கடைப்பேச்சிலோ பயன்படுத்தமாட்டோம், அதை எதிர்பார்த்து வருபவர் பக்கத்துப் பாட்டிலை எடுத்துக்கொண்டு போவார். இந்த இழப்பை எந்தக் கணக்குப் புத்தகமும் காட்டாது. வராமல் போன வாடிக்கையாளரை எண்ண முடியாது என்பதால் தொகைக்கு ஒரு மதிப்பீடே போதும். கடைக்காரரிடம் கேட்டால், பத்துப் பேரில் எத்தனை பேர் அந்தக் கேள்வியோடு வருகிறார்கள் என்பதைச் சொல்லிவிடுவார்.

கற்பனையான சந்தர்ப்பங்களில் எல்லோருமே தியாகிகள். அதனால், ஏற்கெனவே ஓரிரு ஆண்டுகள் தொழில் செய்தவர் பின்னோக்கியும் பார்க்க வேண்டும். எந்த ஆர்டரை வேண்டாம் என்று திருப்பி அனுப்பினோம், எந்தச் சரக்கை நட்டத்துக்கு ஒதுக்கினோம், யாருக்குக் கொடுக்க வேண்டிய கட்டாயமில்லாத பணத்தைக் கொடுத்தோம் என்று பழைய பில்களையும் செய்திகளையும் புரட்டினால், அறிவிக்கப்படாமலேயே நடந்துவரும் விழுமியம் ஒன்றிரண்டு அகப்படும். புதிதாக யோசித்து எழுதியதைவிட அவை உறுதியானவை. பின்னோக்கிப் பார்க்கும்போது அப்படி ஒன்றுகூட அகப்படவில்லை என்றால், எழுதி வைத்திருப்பது இன்னும் ஆசைதான். ஆசை இருப்பதில் தவறில்லை, அதை பாட்டிலில் அச்சிடாமல் இருந்தால் போதும்.

தொகை தாங்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். செலவு பெரிதாக இருந்தால் விழுமியம் உயர்ந்தது என்று எண்ணிக்கொண்டு, ஒரே முறை காப்பாற்றினாலே கடையை மூட வேண்டிய வாக்குறுதிகளைத் தருபவர்கள் உண்டு. செக்குக்காரரிடம் சேமிப்பாக 3 லட்சம்தான் இருக்கிறதென்றால், 20 டன்னுக்கு விலை உறுதி தருவதைவிட 8 டன்னுக்குத் தருவது மேல். 10 ரூபாய் இறக்கத்தில் 80 ஆயிரம் போகும், வாக்கும் நிற்கும். எல்லையைச் சுருக்குவது விழுமியத்தை நீர்த்துப்போகச் செய்வதாகாது. சொன்ன எல்லைக்குள் விலக்குகளை நுழைப்பதுதான் நீர்த்துப்போகச் செய்யும்.

ஏன் மூன்று என்ற கேள்விக்கு இப்போது வரலாம். விழுமியங்கள் தனித்தனியாக நிற்கும்போது சிக்கல் குறைவு. ஒன்றோடொன்று மோதும்போதுதான் நிறுவனம் தடுமாறும். மூன்று இருந்தால் மோதக்கூடிய சோடிகள் மூன்று. ஐந்து இருந்தால் பத்து, ஏழு இருந்தால் இருபத்தொன்று. மூன்று சோடிகளை ஒரு மாலையில் உட்கார்ந்து பேசித் தீர்த்துவிடலாம். இருபத்தொன்றை யாரும் பேசப்போவதில்லை. சோதனையில் இரண்டே தேறினால் இரண்டோடு தொடங்குவது நல்லது. மூன்றாவது இடத்தை நிரப்புவதற்காகத் தரம் என்ற சொல்லைத் திரும்பக் கூப்பிட வேண்டியதில்லை.

தேர்ந்தெடுத்தவற்றை வரிசைப்படுத்துவது அதனால்தான் தேவையாகிறது. ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்தின் கொள்கை அறிக்கையை ராபர்ட் வுட் ஜான்சன் 1943இல் எழுதியபோது, மருந்தைப் பயன்படுத்துபவர்களுக்கான பொறுப்பை முதலிலும் பங்குதாரர்களுக்கான பொறுப்பைக் கடைசியிலும் வைத்தார். 1982இல் சிகாகோ வட்டாரத்தில் யாரோ கடைகளிலிருந்த, அந்த நிறுவனத்தின் வலிநிவாரணியான டைலினால் மாத்திரைக் குப்பிகளில் சயனைடு கலந்ததால் ஏழு பேர் இறந்தார்கள். தவறு ஆலையில் நடக்கவில்லை. இறப்புகளும் ஒரு வட்டாரத்துக்குள்தான். இருந்தும் நிறுவனம் நாடு முழுவதிலிருந்தும் ஏறத்தாழ 3 கோடியே 10 லட்சம் குப்பிகளைத் திரும்பப் பெற்றது. அவற்றின் விற்பனை மதிப்பு 10 கோடி டாலருக்கும் மேல். பங்குதாரர் பெயர் வரிசையில் முதலில் இருந்திருந்தால் சிகாகோவோடு நிறுத்திக்கொள்வதற்கு வாதம் இருந்தது. (இதே நிறுவனம் பிற்காலத்தில் டால்கம் பவுடர் தொடர்பாக ஆயிரக்கணக்கான வழக்குகளைச் சந்தித்தது, குற்றச்சாட்டுகளை அது மறுத்துவருகிறது. ஒருமுறை தேறிய விழுமியத்துக்கு நிரந்தரச் சான்றிதழ் கிடையாது.)

செக்குக்காரருக்கு வரக்கூடிய மோதல் இப்படி இருக்கும். விலை பேசிய விவசாயியின் காய், அறுவடை மழையில் நனைந்து, ஆய்வில் தேறாமல் போகிறது. முதல் விழுமியம் அதை ஆட்டக் கூடாது என்கிறது. இரண்டாவது, பேசிய பணத்தைக் கொடு என்கிறது. இரண்டையும் முழுதாகக் காப்பாற்றினால், ஆட்ட முடியாத சரக்குக்கு முழு விலை கொடுத்து அதை அழிக்கவும் வேண்டும். 8 டன் காய்க்கு 75 ரூபாய் வீதம் 6 லட்சம். சேமிப்பைப்போல் இரண்டு மடங்கு. எனவே ஒன்று வளைய வேண்டும். சரக்கை வெளியே விடுவதில்லை என்பது வளையாது, ஏனென்றால் அதன் விளைவைச் சுமப்பவர்களுக்கு அது நடந்ததே தெரியாது. பணத்தில் வளையலாம்: ஆய்வில் தேறிய காய்க்கு மட்டுமே பேசிய விலை, தேறாததற்குச் சாகுபடிச் செலவில் ஒரு பங்கு என்று விதைக்கும்போதே விவசாயியிடம் சொல்லி எழுதிக்கொள்ள வேண்டும். சொல்லாமல் வைத்திருந்து அறுவடையில் சொன்னால், விழுமியம் இரண்டும் ஒரே நாளில் உடையும்.

அப்படி எழுதிக்கொண்டபின், காய் தேறாமல் போவதைக் குறைப்பது செக்குக்காரருக்கே லாபமாகிவிடும். அறுவடைக்கு முன்பே களத்துக்குத் தார்ப்பாய்களை அனுப்புவதும், ஈரம் பார்க்கும் கருவி ஒன்றை வாங்கி, உரிய அளவுக்குக் காயாத காயை மூட்டை கட்ட வேண்டாம் என்று சொல்வதும் அவருடைய அடுத்த மாதச் செலவுக் கணக்கில் வர வேண்டியவை.